முதல் இயல் ஒன்பதாம் பக்கத்தில் தொடங்குவது ஏன்?

ஆய்வேட்டை எழுதி முடித்து, நெறியாளரின் கையொப்பத்துக்காக அச்செடுக்கும் நேரத்தில்தான் பல மாணவர்களின் கண்ணில் இது படுகிறது. முகப்புப் பக்கத்தின் அடியில் 1 என்று நிற்கிறது. சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, மூன்று பக்கப் பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல் என்று எண் ஏறிக்கொண்டே போய், 'இயல் ஒன்று' என்ற தலைப்புக்குக் கீழே 9 வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த 9-ஐ அழித்து 1 என்று அடித்தால், எல்லாப் பக்கமும் 1 ஆகிவிடுகிறது. முகப்பில் இருக்கும் எண்ணை அழித்தால், எல்லா எண்ணும் மறைந்துவிடுகிறது.

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது இதுதான்: முகப்பில் எண் தெரியக் கூடாது; முன்பக்கங்களுக்கு i, ii, iii என்ற சிறிய ரோமன் எண்; முதல் இயலில் இருந்து 1, 2, 3. இந்த வழக்கத்துக்கு அச்சுக்கூடத்தில் ஒரு காரணம் இருந்தது. நூலின் உடல்பகுதி அச்சாகி முடிந்தால்தான் எந்த இயல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தெரியும்; அதன் பிறகே பொருளடக்கம் கோர்க்க முடியும். முன்னுரையும் கடைசியில்தான் வரும். எத்தனை பக்கம் முன்னால் சேரும் என்பது தெரியாததால், அவற்றுக்குத் தனி எண்வரிசை கொடுத்தார்கள். முன்னால் எத்தனை தாள் கூடினாலும் உடல்பகுதியின் எண் கலையாது.

கணினியிலும் தேவை அதேதான். ஆனால் ஆய்வேடுகள் பெரும்பாலும் உருவாகும் மைக்ரோசாஃப்ட் வேர்டில், பக்க எண்ணை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொடுக்க இயலாது. அடிக்குறிப்புப் பட்டையில் தெரியும் 9, யாரோ தட்டச்சு செய்த இலக்கமன்று. 'இந்தப் பக்கத்தின் எண்ணை இங்கே காட்டு' என்ற கட்டளை. எந்த எண்ணில் தொடங்குவது, ரோமனா சாதாரண எண்ணா என்ற முடிவெல்லாம் பகுதி வாரியாகவே சேமிக்கப்படுகின்றன. வேர்ட் அதை Section என்கிறது. ஆய்வேடு முழுவதும் ஒரே பகுதியாக இருக்கும்வரை எண்வரிசையும் ஒன்றுதான் இருக்கும்.

மாணவர்கள் புதிய பக்கத்துக்குப் போக வழக்கமாக Ctrl+Enter அழுத்துகிறார்கள். சிலர் பக்கம் நிரம்பும்வரை Enter-ஐத் தட்டுகிறார்கள். இரண்டும் எழுத்தை அடுத்த தாளுக்குத் தள்ளுமே தவிர, புதிய பகுதியைத் தொடங்காது. கோப்பில் எத்தனை பகுதி என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. பக்கத்தின் அடியில் இரண்டு முறை சொடுக்கினால் பட்டையின் ஓரத்தில் ஒரு சிறு சீட்டு தெரியும். Footer என்று மட்டும் இருந்தால் முழு ஆய்வேடும் ஒரே பகுதி. Footer -Section 3- என்று இருந்தால் அது மூன்றாம் பகுதி.

முதல் வேலை, பகுதி பிரிப்பது. மேலே சொன்ன ஆய்வேட்டில் முகப்பு ஒரு தாள், முன்பக்கங்கள் ஏழு, பிறகு இயல்கள். ஆக மூன்று பகுதிகள் வேண்டும், இரண்டு இடத்தில் பிரிக்க வேண்டும். சான்றிதழின் முதல் எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து, Layout பட்டியில் Breaks என்பதைத் திறந்து, Section Breaks என்பதன் கீழுள்ள Next Page-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'இயல் ஒன்று' தலைப்புக்கு முன்பும் இதையே செய்ய வேண்டும். அந்த இடங்களில் பழைய Ctrl+Enter இருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெற்றுத்தாள் முளைக்கும்.

பலர் இதுவரை சரியாக வந்துவிட்டு அடுத்த படியில் சிக்குகிறார்கள். அடிப்பட்டையைத் திறந்ததும் மேலே Link to Previous என்ற பொத்தான் தெரிகிறது. அதை அணைத்தால் எண் ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நம்புகிறார்கள். அணைத்த பிறகும் 9 அப்படியே நிற்கிறது. காரணம், அந்தப் பொத்தானுக்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பே இல்லை. முந்தைய பகுதியின் அடிப்பட்டையில் இருப்பதே இங்கும் வர வேண்டுமா என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. முகப்பில் மட்டும் எண்ணை எடுக்க அது கட்டாயம் வேண்டும்: இரண்டாம் பகுதியின் அடிப்பட்டைக்குப் போய் Link to Previous-ஐ அணைத்துவிட்டு, அதன் பிறகே முகப்பின் எண்ணை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் எல்லா எண்ணும் போய்விடும். எண் பக்கத்தின் மேலே இருந்தால், மேல்பட்டைக்கு இதே பொத்தானைத் தனியாக அணைக்க வேண்டும்.

எண்ணை மாற்றும் இடம் வேறு. முதல் இயலின் அடிப்பட்டையில் கர்சரை வைத்து, Page Number என்பதில் Format Page Numbers-ஐத் திறந்தால் ஒரு சிறிய பெட்டி வரும். அதில் Continue from previous section என்பது தேர்வாகியிருக்கும். 9 வந்ததற்கு அதுதான் காரணம். அதை விட்டு Start at என்பதில் 1 என்று கொடுத்தால் போதும். பிறகு இரண்டாம் பகுதிக்குப் போய் அதே பெட்டியில் i, ii, iii வடிவத்தைத் தேர்ந்து, Start at-இல் i கொடுக்க வேண்டும். முகப்பையும் i என்று கணக்கிட வேண்டும் என்பது பல்கலைக்கழக விதியானால் ii கொடுக்கலாம். பெட்டியைத் திறக்கும்போது கர்சர் எந்தப் பகுதியில் நிற்கிறதோ அந்தப் பகுதி மட்டுமே மாறும் என்பதால், ஓரத்துச் சீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இத்துடன் தொல்லை தீர்ந்ததாக நினைக்கும்போது வேறோர் இடத்தில் அது தலைகாட்டும். நான்காம் இயலில் அகலமான அட்டவணை ஒன்றுக்காக ஒரு தாளை மட்டும் படுக்கை வாட்டில் வைக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். அதற்கு முன்னும் பின்னும் Next Page பிரிப்பு போட வேண்டும். புதிதாகப் பிரியும் பகுதி தாய்ப்பகுதியின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும். 'ஒன்றிலிருந்து தொடங்கு' என்பதும் அதில் அடக்கம். விளைவாக 111-ஆம் பக்கத்துக்கு அடுத்த அட்டவணைத் தாளில் 1, அதற்கடுத்த தாளில் மறுபடி 1. அங்கே கர்சரை வைத்து, அட்டவணைப் பகுதிக்கும் அதன் பின்வரும் பகுதிக்கும் Continue from previous section கொடுத்தால் 112, 113 என்று ஓட்டம் சரியாகும். உரை நடுவே எண் திடீரென்று ஒன்றுக்குத் திரும்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னொரு விபத்து, தெரியாமல் பிரிப்பை அழித்துவிடுவது. ஒரு பகுதியின் அமைப்பு அதன் முடிவில் உள்ள பிரிப்புக் குறியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கங்களுக்கும் முதல் இயலுக்கும் இடையிலான குறி போனால், முன்பக்கங்கள் இயல்களின் அமைப்பை ஏற்றுவிடும்: ரோமன் எண் மறைந்து சான்றிதழ் 1 ஆகும், முதல் இயல் 8-க்குப் போய்விடும். உடனே Ctrl+Z அழுத்தினால் மீளலாம். Home பட்டியில் உள்ள ¶ பொத்தானை அழுத்தி வைத்தே இறுதித் திருத்தம் செய்தால், Section Break (Next Page) என்ற எழுத்துடன் இரட்டைக் கோடு கண்முன் தெரியும், கை தவறாது.

எண்கள் சரியான பிறகும் பொருளடக்கத்தில் பழைய எண்களே நிற்கும், அது தானாக மாறாது. தானியங்கிப் பொருளடக்கமானால் அதன்மேல் சொடுக்கி F9 அழுத்தி, Update page numbers only என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பி.டி.எஃப். ஆக்கி, முகப்பு, சான்றிதழ், முதல் இயலின் முதல் பக்கம், படுக்கைத் தாள்கள், அவற்றுக்கு அடுத்த தாள் ஆகியவற்றை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். பைண்டிங் கடைக்குக் கோப்பை வேர்டாகக் கொடுக்காமல் அந்தப் பி.டி.எஃப்.ஐயே கொடுங்கள்.