புது ஆடிட் கிளையன்ட்: எடுக்கலாமா, வேண்டாமா?

ஆடிட்டர் வேலை கணக்கைத் திறந்த பிறகுதான் ஆரம்பிக்குதுன்னு நினைப்போம். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு பெரிய முடிவு இருக்கு: இந்தக் கம்பெனியை எடுக்கலாமா?

ஒரு கற்பனை உதாரணம். சேலத்தில் ரெண்டு பார்ட்னர், நாலு ஆர்ட்டிகிள் பசங்க இருக்கிற ஆடிட் ஆபீஸ். நாமக்கல்லில் இருந்து முட்டைக்கோழிப் பண்ணையும் தீவன மில்லும் வச்சிருக்கிற ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வருது. "பழைய ஆடிட்டருக்கு 3 லட்சம் கொடுத்தோம். அவருக்கு வயசாயிடுச்சு, விலகிட்டார். நீங்க ஒன்றரைக்கு முடிச்சுக் கொடுங்க சார்" என்கிறார் முதலாளி.

முதல்ல ஃபீஸைப் பார்ப்போம். வேலைக்கு 250 மணி நேரம் வேணும், ஆபீஸுக்கு ஒரு மணி நேரச் செலவு 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒன்றரை லட்சத்துக்கு 150 மணி நேரம்தான் கட்டுப்படியாகும். மிச்சம் 100 மணி நேரம் எங்கே வெட்டுப்படும்? பண்ணைக்கு நேரில் போய்க் கோழி எண்ணுறது, குடோனில் மக்காச்சோள இருப்பைப் பார்க்கிறது, இதெல்லாம்தான் முதல்ல போகும். தப்பு ஒளிஞ்சிருக்கக் கூடிய இடமும் அதுதான்.

முழு ஃபீஸ் கொடுத்தாலும் ஆள் வேணுமே? வழக்கமா டாக்ஸ் ஆடிட் கெடுவும், கம்பெனிகள் ஏஜிஎம் நடத்த வேண்டிய கெடுவும் செப்டம்பர் 30-லதான் வந்து நிற்கும். அந்த மாசம் பசங்க ஏற்கெனவே ராத்திரி வரைக்கும் உட்கார்ந்திருந்தா, புது வேலையை யார் பார்ப்பாங்க?

அடுத்தது முதலாளியோட நேர்மை. அதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய ஆடிட்டருக்கு எழுத்தில் தகவல் கொடுக்காம புது ஆடிட்டர் பொறுப்பேற்கிறது, 1949-ம் வருஷச் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி தொழில்முறைத் தவறு. பாதியில் விலகுற ஆடிட்டர், காரணத்தோட ADT-3 படிவத்தை 30 நாளுக்குள் தாக்கல் செய்யணும். நம்ம உதாரணத்தில் அந்தப் படிவம், "உறவினர் நிறுவனத்திடம் தீவனம் வாங்கிய பில்களைக் காட்டவில்லை" என்கிறது. முதலாளி சொன்னது வயசு. ரெண்டும் பொருந்தலை.

நிஜத்தில் பைஜூஸைப் பாருங்க. நிதிநிலை அறிக்கைகள் ரொம்பத் தாமதமாகுது, ஆடிட்டைத் தொடங்கவே முடியலைன்னு 2023 ஜூனில் டெலாய்ட் விலகியது. அந்தக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகும் பிடிஓ பொறுப்பேற்றது. 2024 செப்டம்பரில், நிர்வாகம் போதுமான ஒத்துழைப்பு தரலைன்னு அதுவும் விலகியது.

அதனால சேலம் ஆபீஸ் என்ன செய்யணும்? முதல்ல அந்தத் தீவன பில்களைக் கேட்கணும், பழைய ஆடிட்டர்கிட்ட மனம்விட்டுப் பேச முதலாளி சம்மதிக்கிறாரான்னு பார்க்கணும். ரெண்டும் சரின்னா ஃபீஸ் பேசலாம், வேலையை எப்போ தொடங்குறதுன்னும் பேசலாம். பில்லைக் காட்ட மாட்டேன்னா, 4 லட்சம் தர்றேன்னு சொன்னாலும் வேண்டாம். காட்டாத பில்லை எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் சரிபார்க்க முடியாது.