ஒரு காதும் ஆறில் ஒரு பங்கும்

காது, மூக்கு, தொண்டை மருத்துவன் என்ற முறையில், மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்றிதழ் வழங்கும் குழுவில் நான் அமர்ந்திருந்த ஒரு நாள், கல்லூரியில் சேரவிருந்த மாணவர் ஒருவர் தம் தந்தையாருடன் வந்தார். ஏழாவது வயதில் அவருக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டிருந்தது. கன்னத்து வீக்கம் சில நாட்களில் வடிந்துவிட்டது. ஆனால் அந்த நோய் இடது காதின் கேட்கும் சக்தியை அடியோடு கொண்டு போய்விட்டது. மாதங்கள் சென்றபின், டெலிபோனை இடது காதில் வைத்துக்கொண்டு, "ஒன்றுமே கேட்கவில்லையே" என்று சிறுவன் சொன்னபோதுதான் வீட்டார் அதைக் கண்டுகொண்டார்களாம்.

"ஐயா, இரண்டு காதில் ஒன்று முழுவதும் போய்விட்டது. ஆகவே பாதி, அதாவது 50 சதவிகிதம் என்று எழுதுவீர்கள் அல்லவா?" என்று தந்தையார் கேட்டார். பரிசோதனைகள் யாவும் முடிந்தபின் சான்றிதழில் நாங்கள் எழுதியதோ 17 சதவிகிதம். அந்த எண் எப்படி வந்தது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், காதுக் குரும்பியோ, நடுச்செவியில் நீரோ, சீழோ இருக்கிறதா என்று பார்ப்போம். மருந்தினாலோ சிகிச்சையினாலோ தீரக்கூடிய குறையை நிரந்தரக் குறை என்று எழுதலாகாது. அதன்பின், வெளியோசை புகாத சிறு அறையில் மாணவரை உட்கார வைத்து, காதுகளில் ஹெட்போனைப் பொருத்தி, ஆடியோமீட்டர் என்னும் கருவியினால் தனி ஒலிகளை ஒவ்வொரு காதுக்கும் அனுப்புகிறோம். ஒலி கேட்டதும் அவர் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கேட்டால் 10 டெசிபல் குறைக்கிறோம். கேட்காவிட்டால் 5 டெசிபல் கூட்டுகிறோம். இப்படி ஏறி இறங்கி, கேட்டும் கேளாததுமான எல்லையைக் கண்டுபிடிக்கிறோம். இந்த அளவையில் பூஜ்யம் என்பது ஓசையே இல்லாத நிலை அன்று; நல்ல காதுடைய இளைஞர் கேட்கக்கூடிய மிகச் சிறிய ஒலி. சாதாரணமாக நாம் பேசிக்கொள்ளும் குரல் ஏறக்குறைய 60 டெசிபல்.

சான்றிதழுக்கு நான்கு ஒலிகளின் எல்லைகள் வேண்டும். வினாடிக்கு 500, 1000, 2000, 4000 அதிர்வுகள் கொண்ட ஒலிகள் அவை. மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டியவை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்குகின்றன. எந்த ஒலிக்காவது விடையே இல்லையென்றால், அந்த இடத்தில் 95 என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி.

நம் மாணவரின் வலது காதில் வந்த எண்கள் 10, 10, 15, 15. கூட்டினால் 50, நான்கால் வகுத்தால் சராசரி பன்னிரண்டரை. 25 டெசிபல் வரையில் குறைபாடு இல்லை என்பதே கணக்கு. ஆகவே வலது காதுக்குப் பூஜ்யம்.

இடது காதில்தான் ஒரு சிக்கல் எழுந்தது. அவர் முன்னொரு முறை வேறோர் இடத்தில் எடுத்து வந்திருந்த தாளில், இடது காதின் எண்கள் 65, 65, 70, 70 என்று இருந்தன. செத்த காது எப்படி ஒலியைக் கேட்கும்? அந்தத் தாளை உற்று நோக்கினால் விடை தெரியும். வலது காதின் கோட்டை அப்படியே 55 டெசிபல் கீழே இறக்கி வைத்தாற்போல் இடது காதின் கோடு அமைந்திருந்தது. இடது பக்கம் கொடுத்த பலமான ஒலி, மண்டையோட்டின் வழியே அதிர்ந்து சென்று வலது காதை எட்டியிருக்கிறது. மாணவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒலி கேட்டது உண்மை. ஆனால் கேட்டது வலது காது. தாளில் இருந்தது இடது காதின் கோடு அன்று, வலது காதின் நிழல்.

இதைத் தடுக்க, வலது காதில் 'உஸ்' என்ற இரைச்சலைக் கொடுத்து அதை வேறு வேலையில் ஈடுபடுத்திவிட்டு, இடது காதைச் சோதிக்க வேண்டும். இதற்கு மறைப்பொலி என்று பெயர். அவ்வாறு செய்ததும் இடது காதில் எந்த ஒலிக்கும் விடை வரவில்லை. நான்கு இடங்களிலும் 95, சராசரி 95, அந்தக் காதுக்கு 100 சதவிகிதம். கைக்குழந்தைகளைப் போலப் பொத்தானை அழுத்த இயலாதவர்களுக்கும், சொல்லும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவர்களுக்கும், தலையில் மின்வாய்களை ஒட்டி மூளைத்தண்டின் எதிரொலிப்பைப் பதிவு செய்யும் 'பெரா' பரிசோதனை உண்டு. அதற்கு அவர்கள் வாய்திறந்து விடை சொல்ல வேண்டியதில்லை.

இனி, இரு காதுகளையும் சேர்க்கும் கணக்கு. நன்றாகக் கேட்கும் காதின் சதவிகிதத்தை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் சதவிகிதத்தை அதனுடன் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். மாணவருக்கு ஐந்து பூஜ்யம் பூஜ்யம், அதனுடன் 100, ஆறால் வகுத்தால் பதினாறும் மூன்றில் இரண்டு பங்கும், முழு எண்ணாக 17. நேருக்கு நேர் பேசும் பேச்சைப் பெரும்பாலும் நல்ல காதே தாங்கிக்கொள்கிறது என்பதே இதன் அடிப்படை. ஒரு காது அடியோடு போனவரின் கணக்கு 40 சதவிகிதத்தைத் தொட வேண்டுமானால், அவருடைய நல்ல காதும் 28 சதவிகிதம் குறைந்திருக்க வேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

40 என்ற எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இட ஒதுக்கீட்டின் வாயிலை அங்கே வைத்திருக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் 5 சதவிகிதத்துக்குக் குறையாத இடங்களும், சேர்க்கையில் ஐந்தாண்டு வயதுச் சலுகையும் அந்த அளவை எட்டியவர்களுக்கே உரியவை. அரசுப் பணிகளில் உள்ள 4 சதவிகிதத்தில், ஒரு சதவிகிதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் உரியது. இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைச் செவித்திறன் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழந்தவரைக் காது கேளாதவர் என்றும் அச்சட்டம் வகுக்கிறது. 'இரு காதுகளிலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஆயினும் ஒரே சான்றிதழ் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. ரயில் கட்டணச் சலுகைக்குக் கேட்கும் திறன் முழுவதும் இழந்திருப்பதோடு பேசும் திறனும் இழந்திருக்க வேண்டும். பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும், ஒரு மொழிப் பாட விலக்கும் அந்தந்தத் தேர்வை நடத்துவோரின் விதிகளைப் பொறுத்தவை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொன்றின் நிபந்தனையையும் தனித்தனியே படிக்க வேண்டும். அளவெடுத்ததில் தவறு என்று கருதுவோர், முடிவு வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எங்கள் மாணவரின் முதல் தாள் போன்ற பிழைகளுக்கு அது உகந்த வழி. ஆனால் ஆறில் ஒரு பங்கு என்ற விதியை மேல்முறையீட்டினால் மாற்ற இயலாது.

தந்தையார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் என் மகனுக்குக் கஷ்டமே இல்லை என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டார். அப்படி நான் சொல்லவில்லை. எத்திசையிலிருந்து ஒலி வருகிறது என்று அறிய இரு காதுகளும் வேண்டும். பஸ்ஸின் ஹாரன் எப்பக்கம் என்று இவருக்குத் தெரியாது. இரைச்சல் மிகுந்த வகுப்பில் இடப்புறத்து நண்பன் சொல்வது காதில் விழாது. நான்கு தனி ஒலிகளை அமைதியான அறையில் அளக்கும் எங்கள் கருவி, இவற்றை அளப்பதில்லை.

"தம்பி, வகுப்பில் எங்கே உட்காருகிறாய்?" என்று மாணவரைக் கேட்டேன். "வலது ஓரத்து முன் பெஞ்சில், டாக்டர்" என்றார். அங்கே அவருடைய வலது காது சுவரைப் பார்த்திருந்தது. ஆசிரியரும் தோழர்களும் செத்த காதின் பக்கம் இருந்தார்கள். இடது ஓரத்து முன் பெஞ்சுக்கு மாறிக்கொள்ளச் சொல்லி, கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அந்த இடமாற்றத்துக்கு 40 சதவிகிதம் வேண்டியிருக்கவில்லை.