வெள்ளைத் தாளும் கறுத்த தாளும்

62 வயதான ஒருவருக்கு கிளாக்கோமா இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லி, வலது கண்ணுக்கு ஃபீல்டு டெஸ்ட் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் தாளில் உள்ள படம் ஏறக்குறைய முழு வெள்ளை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்த தாளில், படத்தின் இடது மேல் பக்கம் கரி பூசினாற்போல் கறுத்துக் கிடக்கிறது. ஆறே வாரத்தில் கண் இவ்வளவு போய்விட்டதா என்று குடும்பம் கலங்குகிறது.

இது விளக்குவதற்காக அமைத்த உதாரணம்தான். ஆனால் இந்த மாதிரித் தாள்கள் கண் மருத்துவர்களுக்குப் பழக்கமானவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியவரும்: அந்த ஆறு வாரத்தில் கண் கெட்டுப்போகவில்லை. முதல் தாள்தான் நம்பத் தகாதது. அதைக் கண்டுபிடிக்கும் குறிகள் அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கின்றன. யாரும் முதலில் பார்க்காத இடத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அந்தச் சாம்பல் படத்துக்கு. அது கண்ணின் புகைப்படம் அல்ல. ஹம்ஃப்ரி என்ற கருவியில் வழக்கமாக எடுக்கும் 24-2 என்ற சோதனையில், மொத்தம் 54 இடங்களில்தான் ஒளிப்புள்ளி காட்டப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் இடையே 6 டிகிரி இடைவெளி. நடுவில் உள்ள இடங்களை யாரும் சோதிப்பதில்லை. பக்கத்துப் புள்ளிகளின் எண்ணைக் கொண்டு கம்ப்யூட்டர் நிழலிட்டு நிரப்பிவிடுகிறது. அதோடு, அந்த நிழல் 5 டெசிபெல்லுக்கு ஒரு படி என்ற கணக்கில் மாறுவது. 30 இருந்த இடம் 26 ஆகக் குறைந்தாலும் இரண்டும் ஒரே நிழல்தான். மையத்துக்கு அருகே அந்த அளவு குறைவது பெரிய விஷயமாக இருக்கலாம். படம் அதைக் காட்டாது. வயதானவர்களுக்கு இயல்பாகவே பார்வை கொஞ்சம் மங்கும் என்பதையும் இந்தப் படம் கணக்கில் எடுப்பதில்லை.

டெசிபெல் என்றால் இங்கே சத்தம் அல்ல. ஒளியை எவ்வளவு மங்க வைத்தும் கண் பார்த்துவிட்டது என்பதன் அளவு. 0 என்பது கருவியின் மிகப் பிரகாசமான ஒளி. 10 கூடினால் ஒளி பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே எண் பெரிதாக இருந்தால் நல்லது. நல்ல கண்ணில் மையத்தை ஒட்டிய இடங்களில் 30-ஐ ஒட்டி வரும். ஓரத்துக்குப் போகப் போகக் குறையும்.

இப்போது முதல் தாளின் இடது மேல் மூலைக்கு வருவோம். பெயர், பிறந்த தேதி இருக்கும் பகுதியின் கீழே சிறு எழுத்தில் மூன்று வரிகள்: ஃபிக்சேஷன் லாஸ், ஃபால்ஸ் பாசிட்டிவ், ஃபால்ஸ் நெகட்டிவ். சோதனையின்போது நோயாளி எப்படி நடந்துகொண்டார் என்பதைச் சொல்லும் வரிகள் இவை. நம் உதாரணத்தில் ஃபிக்சேஷன் லாஸ் 5/13, பக்கத்தில் இரண்டு எக்ஸ் குறி. ஃபால்ஸ் பாசிட்டிவ் 22 சதவீதம், அதற்கும் இரண்டு எக்ஸ் குறி.

எல்லோருடைய கண்ணிலும் பார்வை நரம்பு கிளம்பும் இடத்தில் எதுவும் தெரியாது. அதுதான் குருட்டுப் புள்ளி. கருவி அவ்வப்போது அந்த இடத்தில் ஒளியைக் காட்டும். நேராகப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தெரியக் கூடாது. பட்டனை அழுத்தினால், கண் நகர்ந்துவிட்டது என்று ஒரு கணக்கு ஏறும். 13 தடவை சோதித்ததில் 5 தடவை அழுத்தியிருக்கிறார். ஐந்தில் ஒன்று என்ற அளவை எட்டினாலே எக்ஸ் குறி விழும். ஆனால் இந்த வரியை மட்டும் வைத்து நோயாளியைக் குறை சொல்லிவிட முடியாது. தலை சற்றே சாய்ந்து, குருட்டுப் புள்ளியைக் கருவி தவறான இடத்தில் தேடினாலும் இந்த எண் ஏறும். தாளின் அடியில் ஓடும் சிறு கோடுகள் அதைச் சரிபார்க்கத்தான்: மேல் நோக்கிய கோடுகள் கண் விலகியதைக் காட்டும், கீழ் நோக்கியவை, கண் சிமிட்டியதாலோ வேறு காரணத்தாலோ கருவி கண்ணைத் தவறவிட்டதைக் காட்டும்.

ஃபால்ஸ் பாசிட்டிவ் வரிதான் மூன்றில் முக்கியமானது. ஒளி தெரியாமலே பட்டனை அழுத்தியது எவ்வளவு என்பது அதன் பொருள். ஒளி தோன்றி அதற்குள் யாராலும் அழுத்த முடியாது என்கிற நேரத்தில் வரும் அழுத்தல்களைக் கொண்டு கருவி இதைக் கணக்கிடுகிறது. 15 சதவீதத்தைத் தாண்டினால் தாளை நம்ப முடியாது. இவருக்கு 22.

ஏன் இப்படி அழுத்துகிறார்கள்? பயம்தான். இருட்டறையில் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து உட்காருகிறார். நெடுநேரம் எந்த ஒளியும் தெரியவில்லை. பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. ஏதோ தெரிந்தாற்போல இருந்தாலும் அழுத்திவிடுகிறார். கண்ணின் எல்லையைக் கண்டுபிடிப்பதற்காகவே கருவி தெரியாத அளவுக்கு ஒளியை மங்க வைக்கிறது. முழு ஆரோக்கியமான கண்ணுக்கும் காட்டப்படும் ஒளிகளில் ஏறக்குறைய பாதி தெரியாது. சோதனை தொடங்கும் முன் இந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் பொறுமையாகச் சொல்லியிருந்தால் முதல் தாள் இப்படி ஆகியிருக்காது. களைத்துப்போனால் பட்டனை அழுத்திப் பிடித்தால் கருவி நின்று காத்திருக்கும் என்பதையும் பலருக்குச் சொல்வதில்லை.

முதல் தாளில் வேறு தடயங்களும் உண்டு. வலது கண் தாளில் மையத்துக்கு வலப்பக்கம் 15 டிகிரி தொலைவில் குருட்டுப் புள்ளியின் கறுப்புத் திட்டு இருக்க வேண்டும். இந்தத் தாளில் அது காணோம். சில இடங்களில் 42, 43 என்று மனிதக் கண்ணுக்கு எட்டாத எண்கள். இயல்புக்கு மீறிய கூர்மை என்று கருவியே ஒரு வரி அச்சடித்திருக்கிறது. எம்.டி. என்ற எண் +2.8. அதே வயதுக்காரர்களின் சராசரியோடு ஒப்பிட்டு, மொத்தக் கண்ணும் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதுதான் எம்.டி. கிளாக்கோமா சந்தேகத்தோடு வந்த 62 வயதுக்காரருக்கு இவ்வளவு மேலே வந்தால் மகிழ வேண்டியதில்லை, சந்தேகப்பட வேண்டும்.

சாம்பல் படத்துக்குக் கீழே, கட்டம் கட்டமாக இரண்டு வரைபடங்கள் இருக்கும். இடப்பக்கம் டோட்டல் டீவியேஷன்: வயதுக்கு உரிய அளவிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகியது என்பது. வலப்பக்கம் பேட்டர்ன் டீவியேஷன்: கண்புரையால் மொத்தமும் மங்கியிருந்தால் அந்தப் பொது மங்கலைக் கழித்துவிட்டு, பள்ளம் விழுந்த இடங்களை மட்டும் எடுத்துக் காட்டுவது. அடியில் உள்ள முழுக் கறுப்புச் சதுரம் பார்வை முற்றிலும் போய்விட்டது என்று சொல்லவில்லை. அதே வயதில் நல்ல கண் உள்ளவர்கள் ஆயிரம் பேரில் 5 பேருக்குக்கூட அந்த இடத்தில் இவ்வளவு குறைவாக வராது என்றுதான் சொல்கிறது.

கண்புரை உள்ளவருக்கு இடது வரைபடம் கறுத்திருக்கும், வலது வெளுத்திருக்கும். நம் முதல் தாளில் இது தலைகீழ். எண்கள் எல்லாம் பொய்யாக உயர்ந்திருப்பதால் இடதில் ஒன்றுமில்லை. அந்த உயரத்தைக் கழித்ததும் வலதின் இடது மேல் பக்கத்தில் நாலைந்து சதுரங்கள் எழுந்துவிட்டன. நோயின் சுவடு முதல் தாளிலேயே இருந்திருக்கிறது.

இரண்டாவது தாளில் ஃபால்ஸ் பாசிட்டிவ் 3 சதவீதம். கண் நிலையாக இருந்திருக்கிறது. குருட்டுப் புள்ளி தன் இடத்தில் இருக்கிறது. எம்.டி. −4.9. இனி இந்தப் படத்தைப் பார்க்கலாம். வலது கண்ணுக்கு மூக்குப் பக்கம் தாளின் இடப்பக்கம். அங்கே நடுக்கோட்டுக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் 12. அதற்கு நேர் கீழே, கோட்டுக்கு அந்தப் பக்கம் 27. பதினைந்து டெசிபெல் வித்தியாசம். மேலே உள்ள இடத்துக்குத் தெரிய வேண்டுமானால் ஒளி 32 மடங்கு பிரகாசமாக வேண்டும்.

கோட்டை மதித்து நிற்கும் இந்தப் படிக்கட்டு கிளாக்கோமாவின் கையெழுத்து. விழித்திரையின் வெளிப் பாதியில் மேல் நரம்பிழைகள் மேலாகவும் கீழ் நரம்பிழைகள் கீழாகவும் வளைந்து பார்வை நரம்புக்குப் போகின்றன. இரண்டும் நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. ஒரு கட்டு இழைகள் பழுதானால் கோட்டின் ஒரு பக்கம் மட்டும் இருளும். பார்வை தலைகீழாக விழுவதால், மேலே இருள் என்றால் பழுது கீழே. மருத்துவர் கண்ணுக்குள் பார்க்கும்போது பார்வை நரம்பின் கீழ் விளிம்பு தேய்ந்திருந்தால் தாளும் கண்ணும் ஒரே கதையைச் சொல்கின்றன.

கறுப்பு எல்லாமே நோயும் அல்ல. மேல் இமை சரிந்திருந்தால் படத்தின் மேல் விளிம்பு கறுக்கும். இமையை டேப் போட்டு உயர்த்தினால் சரியாகும். சோதனைக் கண்ணாடியின் வளையம் மறைத்தால் ஓரத்தில் மட்டும் ஆழமாகக் கறுக்கும். சோர்ந்து கவனம் போனவருக்கு, முதலில் சோதித்த நான்கு இடங்கள் மட்டும் வெளுத்து, மற்றவை கறுத்து, நாலிதழ் இலை போல ஒரு வடிவம் வரும். அப்போது ஃபால்ஸ் நெகட்டிவ் எண்ணும் ஏறும்: முன்பு தெரிந்த இடத்தில் அதைவிடப் பிரகாசமான ஒளியைக் காட்டியும் அழுத்தவில்லை என்பது அதன் பொருள். ஆனால் நோய் முற்றிய கண்ணில், ஒழுங்காக ஒத்துழைத்தவருக்கும் இந்த எண் உயர்ந்தே வரும். அதைச் சோர்வு என்று ஒதுக்குவது தவறு.

கண் அழுத்தம் கூடியிருந்தும் பார்வைப் பரப்பு கெடாதவர்களை அமெரிக்காவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று, 2000-ல் இதைப் பற்றிய கணக்கை வெளியிட்டது. நம்பகமான, ஆனால் கோளாறு காட்டிய 703 தாள்களில், மறுசோதனையில் 604-க்குக் கோளாறு உறுதியாகவில்லை. ஒரே தாளை வைத்து முடிவு சொல்ல மருத்துவர் தயங்குவது இதனால்தான்.

அதனால் மூன்றாவது தாள். அதே இடது மேல் பக்கம், அதே அடுத்தடுத்த புள்ளிகள், எம்.டி. −4.5. இப்போது இரண்டு நல்ல தாள்கள் ஒத்துப்போகின்றன. −6-க்கு மேலே இருப்பதால் ஆரம்ப நிலை என்று வகைப்படுத்தலாம். இனி வரும் தாள்களை ஒப்பிட இந்த இரண்டும் அடிப்படை. முதல் தாள் அந்த ஒப்பீட்டிலிருந்து நீக்கப்படும். ஆனால் மருத்துவரின் விரல் ஒரு புள்ளியில் நிற்கிறது. மையத்தை ஒட்டி, இடது மேலே, 31 இருக்க வேண்டிய இடத்தில் 24. படிப்பதற்கும் முகம் பார்ப்பதற்கும் உதவும் நடு 10 டிகிரிக்குள் 24-2 சோதனை தொடுவது 12 புள்ளிகளைத்தான். அடுத்த முறை 10-2 எடுக்கலாம் என்று அவர் எழுதுகிறார்: அதே சிறு வட்டத்துக்குள் 2 டிகிரிக்கு ஒன்றாக 68 புள்ளிகள்.