உங்களுக்குத் தெரியுமா? குழாய் உணவுக்கு எந்த டப்பா?

மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு உணவு தரும் நோயாளிக்கு லூஸ் மோஷன் ஆரம்பித்ததும் வீட்டாரும், சில சமயம் வார்டில் இருப்பவர்களும், முதலில் குறை சொல்வது உணவு டப்பாவைத்தான். ஆனால் பல நேரங்களில் காரணம் மருந்துத் தட்டில் இருக்கிறது. குழாயில் மாத்திரை போகாது என்று பாராசிட்டமால், இருமல் மருந்து, பொட்டாசியம் எல்லாவற்றையும் சிரப்பாகத் தருகிறோம். அந்த இனிப்புக்காகச் சில சிரப்புகளில் சார்பிட்டால் சேர்க்கிறார்கள். அது குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். நாளைக்கு 10 கிராம் போனாலே வயிறு உப்பலாம். 20 கிராமை நெருங்கினால் பலருக்குப் போக்காகவே ஆகிவிடும்.

✽

ஓர் உதாரணக் கணக்கு. பக்கவாதம் வந்து படுத்திருப்பவர், எடை 60 கிலோ. சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஓடுகிறது. பாராசிட்டமால் 650 மி.கி. வீதம் நாளைக்கு நான்கு வேளை. 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் ஒரு வேளைக்கு 13 மி.லி., ஒரு நாளைக்கு 52 மி.லி. அந்த சிரப்பின் 5 மி.லி.யில் ஒன்றரை கிராம் சார்பிட்டால் இருந்தால், அதிலிருந்து மட்டும் 15 கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. மற்ற சிரப்புகளில் உள்ளதை இன்னும் கூட்டவே இல்லை! இவருக்கு டப்பாவை மாற்றிப் பயனில்லை. சிரப்பை நிறுத்தி, பொடித்துத் தரக்கூடிய மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். ஆன்டிபயாடிக் ஓடுவதால் மலத்தில் சி.டிஃபிசில் கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் போக்கை அடக்கும் மாத்திரை தருவதும் ஆபத்து.

✽

“ஃபீட் கெட்டியாக இருக்கிறது, பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள்” என்ற வைத்தியம் இன்னும் பல இடங்களில் நடக்கிறது. ஒரு மி.லி.க்கு ஒரு கலோரி தரும் சாதாரண ஃபார்முலாவின் அடர்த்தி நம் ரத்தத்தின் அடர்த்தியை ஒட்டியேதான் இருக்கும். குடலுக்கு அது ஒரு சுமையே இல்லை. தண்ணீர் கலந்தால் மிச்சமாவது பட்டினி மட்டும்தான். பத்து மடங்கு அடர்த்தியோடு போகிற பொட்டாசியம் சிரப்பைத்தான் தண்ணீரில் கரைத்துத் தர வேண்டும்.

✽

மருந்துகளைச் சரிசெய்து, கிருமியும் இல்லை என்று தெரிந்த பிறகும் போக்கு நிற்கவில்லையா? அப்போதுதான் நார்ச்சத்து உள்ள ஃபார்முலாவின் முறை. ‘நார்ச்சத்து மலச்சிக்கலுக்குத்தானே?’ என்று தோன்றும். தண்ணீரில் கரையும் நார், உதாரணமாகக் கொத்தவரை விதைப் பிசினிலிருந்து எடுப்பது, பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களால் புளிக்கவைக்கப்படுகிறது. அப்போது உண்டாகும் பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் உப்பையும் தண்ணீரையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். மலம் இறுகுவது அதனால்தான். நாளைக்கு 10 முதல் 20 கிராம் வரை பிரித்துத் தருவது வழக்கம். எடுத்தவுடன் முழு அளவைக் கொடுத்தால் வயிறு பலூனாகிவிடும், மெதுவாக ஏற்ற வேண்டும்.

✽

அதே நார்ச்சத்து சிலருக்கு விஷப் பரீட்சை. ரத்த அழுத்தம் விழுந்து, அதைத் தூக்கி நிறுத்தும் மருந்து அதிக அளவில் ஓடிக்கொண்டிருப்பவருக்குக் குடலின் ரத்த ஓட்டமே குறைந்திருக்கும். குடல் அசைவு நின்றுபோனவருக்கும் இதே ஆபத்துதான். அங்கே நார் நகராமல் உருண்டு அடைத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு நாரில்லாத ஃபார்முலாதான்.

✽

புரதத்தை முழுசாக உடைத்து ஒற்றை அமினோ அமிலங்களாகத் தந்தால் எளிதாக உறிஞ்சும் என்றுதான் நினைப்போம். குடல் அப்படி வேலை செய்வதில்லை. இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருக்கும் துண்டுகளை, அதாவது பெப்டைடுகளை, அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ள PepT1 என்று தனி வாசல் வைத்திருக்கிறது. பட்டினியாலோ நோயாலோ குடல் சுவர் தேய்ந்துபோன நிலையிலும் இந்த வாசல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. பெப்டைடு ஃபார்முலாவின் தத்துவமே இதுதான். வாயில் வைத்தால் கசக்கும் என்பதால் குழாய் வழியே போவதுதான் இதற்குப் பொருத்தம்.

✽

பெப்டைடு டப்பாவின் பாதி பலம் அதன் கொழுப்பில் இருக்கிறது. பலவற்றில் கொழுப்பின் பாதிக்கு மேல் எம்.சி.டி. வகை. இதற்குப் பித்தநீர் தேவையில்லை, கணைய நொதியும் அவ்வளவாகத் தேவைப்படாது. நேராகக் கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் கலந்துவிடும். கணையத்தில் கல் சேர்ந்து அது சுருங்கிப்போகிற நாள்பட்ட கணைய அழற்சி தென்னிந்தியாவில் வெகுகாலமாகத் தெரிந்த நோய். அப்படிப்பட்டவருக்கு 1500 கலோரி சாதாரண ஃபார்முலா தருகிறோம், அதில் 35 சதவீதம் கொழுப்பு என்றால் 58 கிராம். அதைச் செரிக்க நொதி இல்லாததால் மலம் எண்ணெய்ப் பசையோடு, நாற்றத்தோடு, கோப்பையில் ஒட்டிக்கொண்டு போகும். கொழுப்பில் 70 சதவீதம் எம்.சி.டி. உள்ள பெப்டைடு டப்பாவுக்கு மாற்றினால், நொதியை எதிர்பார்த்து நிற்கும் கொழுப்பு சுமார் 17 கிராமாகக் குறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் மலத்தில் எலாஸ்டேஸ் சோதனை செய்யலாம். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் கணையத்தின் மேல் சந்தேகம் வரும். (ஆனால் தண்ணீராகப் போகிற மலத்தில் அந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.)

✽

எம்.சி.டி. தேங்காயிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டுச் சமையல் தேங்காய் எண்ணெயைக் குழாயில் விடுகிறவர்கள் உண்டு. வேண்டாம்! தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி சாதாரணக் கொழுப்பைப் போலத்தான் செரிக்கப்படும். மருத்துவ எம்.சி.டி. என்பது அதிலிருந்து பிரித்தெடுத்த சிறு பகுதி மட்டுமே.

✽

திடீரென்று வரும் கணைய அழற்சிக்குக் கட்டாயம் பெப்டைடு டப்பாதான் என்ற பழைய எண்ணம் போய்விட்டது. ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவச் சங்கமான ESPEN 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண முழுப்புரத ஃபார்முலாவே போதும் என்கிறது. விலை சில மடங்கு வித்தியாசப்படும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதுதானே? பெப்டைடு தொடங்கிச் சில நாளாகியும் மலம் மாறவில்லை என்றால், செலவைத் தொடர்வதை விடக் காரணத்தை மறுபடி தேடுவது மேல்.

✽

உயர்புரத டப்பா போக்கை நிறுத்தாது. அது தீர்க்கும் பிரச்சினையே வேறு. ஐ.சி.யூ.வில் மயக்கத்துக்கு ஓடும் வெள்ளை மருந்தான புரோபோஃபால், கொழுப்பில் கரைத்தது, மி.லி.க்கு 1.1 கலோரி. மணிக்கு 15 மி.லி. ஓடினால் நாளைக்கு 396 கலோரி. நோயாளிக்கு வேண்டியது 1500 என்றால் உணவை 1100 மி.லி.க்குக் குறைக்க வேண்டும். லிட்டருக்கு 40 கிராம் புரதம் உள்ள சாதாரண ஃபார்முலாவில் அப்போது கிடைப்பது 44 கிராம்தான். 60 கிலோ எடைக்குக் கிலோவுக்கு ஒன்றரை கிராம் என்றால் வேண்டியது 90. கலோரியில் கால்வாசி புரதமாக உள்ள டப்பாவுக்கு மாற்றினால் 69 கிராம் கிடைக்கும். மீதியைத் தனிப் புரதப் பொடியாகச் சேர்ப்பார்கள்.

✽

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு நாளைக்குக் கிலோவுக்கு 2.2 கிராமும் அதற்கு மேலும் தந்து பார்த்த EFFORT Protein ஆய்வு 2023-இல் வெளியானது. கூடுதல் பலன் தெரியவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கெடுதலாக இருக்கலாம் என்றும் காட்டியது. உயர்புரதம் தொடங்கிய பிறகு ரத்தத்தில் யூரியாவும் சோடியமும் சேர்ந்து ஏறினால், குழாயில் தண்ணீர் போதுமான அளவு போகிறதா என்று முதலில் பார்ப்பார்கள்.