கம்ப்ரசர் சத்தத்தில் தொடங்கும் கடிதம்

கோவை குறிச்சி தொழிற்பேட்டையில் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. ஷெட்டுக்குள் மெஷின்கள் நின்றுவிட்டன. ஆனாலும் மூலையில் இருக்கும் ஏர் கம்ப்ரசர் மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறுமி எழுகிறது, பிறகு அடங்குகிறது. காற்றைச் செலவழிக்க யாரும் இல்லாத நேரத்தில் அது ஏன் எழ வேண்டும்? குழாய் இணைப்பிலோ, ஹோஸிலோ, வால்விலோ காற்று கசிகிறது. குறைந்த அழுத்தத்தை மீண்டும் நிரப்பத்தான் அது எழுகிறது.

காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துத் தரும் தொழிலை ஓர் இளைஞர் புதிதாகத் தொடங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து யூனிட்டுக்கு வேலையாக வந்தவர் காதில் இந்தச் சத்தம் விழுகிறது. உள்ளே அவருக்கு யாரையும் தெரியாது. பெயர்ப்பலகையில் மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. முதல் மெயிலை எப்படி எழுதுவது?

பெரும்பாலோர் எழுதுவது இப்படித்தான்: ‘ரெஸ்பெக்டட் சார், வீ ஆர் ப்ளீஸ்ட் டு இன்ட்ரொட்யூஸ் அவர்செல்வ்ஸ்...’ அடுத்து கம்பெனியின் வரலாறு, எட்டுச் சேவைகள், நான்கு படம், ஒரு பிடிஎஃப். கீழே போன் நம்பர், வாட்ஸ்அப், இணையதளம். இருபது பேரை வைத்து யூனிட் நடத்தும் முதலாளி அந்த மெயிலைச் செல்போனில் பார்க்கிறார். ஒரு பக்கம் வண்டியில் சரக்கு ஏறுகிறது, மறுபக்கம் பில் போட ஆள் கூப்பிடுகிறார். ‘இன்ட்ரொட்யூஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே விரல் அடுத்த மெயிலுக்குப் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மெயிலில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

நம் இளைஞரிடம் அவரைப் பற்றிய ஒரு செய்தி இருக்கிறது. அதை வைத்தே அவர் தொடங்க வேண்டும். அன்று அவர் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்: கம்ப்ரசர் காற்றை அடைக்கும் ‘லோடு’ நேரம் 2 நிமிடம், சும்மா சுற்றும் ‘அன்லோடு’ நேரம் 3 நிமிடம். மெஷின்கள் நிற்கும்போது, மொத்த நேரத்தில் லோடு நேரம் எவ்வளவு பங்கோ, கம்ப்ரசரின் திறனில் அவ்வளவு பங்கு கசிவுக்குப் போகிறது. இங்கே ஐந்தில் இரண்டு, அதாவது 40 சதவீதம்.

இதை ரூபாயாக மாற்றும் இடத்தில்தான் மெயில் நிற்பதும் விழுவதும். கம்ப்ரசர் 20 எச்பி, ஏறத்தாழ 15 கிலோவாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம், மாதம் 25 நாள், யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 15 கிலோவாட்டில் 40 சதவீதம் 6 கிலோவாட், மாதம் 2,400 யூனிட், 19,200 ரூபாய். எழுதக் கை துறுதுறுக்கும் எண் இது. ஆனால் இது தப்புக் கணக்கு. ஸ்க்ரூ கம்ப்ரசர் அன்லோடிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே ஒரு மணி நேர லோடு குறைந்தால் மிச்சம் 15 அல்ல, சுமார் 10 யூனிட்தான். கசிவைப் பூஜ்யமாக்கவும் முடியாது. 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலே நல்ல வேலை. குறைவது 30 சதவீதம், அதாவது 3 கிலோவாட். மாதம் 1,200 யூனிட், 9,600 ரூபாய். முதல் எண்ணில் சரிபாதி.

பாதியைத்தான் எழுத வேண்டும். கம்ப்ரசரோடு இருபது வருஷம் வாழ்ந்த மனிதர் படிக்கப்போகிறார். பெரிய எண்ணை அவர் ஒரு நொடியில் பிடித்துவிடுவார். அதன்பின் மெயிலில் உள்ள வேறு எதையும் நம்ப மாட்டார்.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சில சிஎன்சி மெஷின்களில் வேலை நின்றாலும், மின்சாரம் இருக்கும்வரை ஸ்பிண்டிலுக்குள் தூசி போகாதபடி கொஞ்சம் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து கேட்டவருக்கு அது தெரியாது. விஎஃப்டி பொருத்திய கம்ப்ரசராக இருந்தால் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அங்கே இந்த லோடு நேரக் கணக்கே செல்லாது. இந்தச் சந்தேகத்தை மறைக்கத் தேவையில்லை. உள்ளே வந்து அளக்க வேண்டியதற்கு அதுதான் காரணம். மெயிலின் அடுத்த படி அங்கிருந்துதான் பிறக்கிறது.

தலைப்பு: மதிய இடைவேளையிலும் ஓடும் உங்கள் கம்ப்ரசர்

ஐயா, வணக்கம்.

செவ்வாயன்று மதியம் பக்கத்து யூனிட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் மெஷின்கள் நின்றிருந்தபோதும் கம்ப்ரசர் 2 நிமிடம் லோடு, 3 நிமிடம் அன்லோடு என்று ஓடியதைக் கேட்டேன். காற்று கசிகிறது என்று நினைக்கிறேன்.

20 எச்பி கம்ப்ரசர், இரண்டு ஷிப்ட் என்று வைத்தால், கசிவை அடைத்தபின் மாதம் சுமார் 9,600 ரூபாய் மின்கட்டணம் குறையலாம். நான் வெளியிலிருந்து கேட்டதுதான். உள்ளே அளந்தால்தான் உறுதி.

வரும் வியாழன் மதியம் சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம் வந்து அளந்து சொல்கிறேன். அளப்பதற்குப் பணம் இல்லை. ‘வரலாம்’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும்.

இதன் கீழே பெயரும் ஊரும் இருந்தால் போதும். இந்த மெயிலில் நன்மை ஒன்றே ஒன்று: கரண்ட் பில் குறையும். கம்ப்ரசரின் ஆயுள் கூடும், சத்தம் குறையும், மெஷினுக்கு அழுத்தம் சீராகக் கிடைக்கும் என்பதெல்லாமும் உண்மைதான். ஆனால் அவற்றையும் சேர்த்தால் 9,600 என்ற எண் கூட்டத்தில் காணாமல் போய்விடும். அவர் மாதாமாதம் கையெழுத்துப் போட்டுக் கட்டுவது பில்லைத்தான்.

கேட்பதும் ஒன்றுதான். ‘போன் செய்யலாம், அல்லது வாட்ஸ்அப், அல்லது எங்கள் தளத்தைப் பாருங்கள்’ என்று எழுதினால் எதைச் செய்வது என்று யோசிக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்க அவருக்கு ஆளில்லை, பொழுதுமில்லை. நாள், நேரம், எவ்வளவு நிமிடம் எல்லாவற்றையும் நாமே சொல்லிவிட்டதால் அவருக்கு மிஞ்சுவது ஒரு சொல். மதிய நேரத்தைக் கேட்டதற்கும் காரணம் உண்டு: மெஷின் நிற்கும்போதுதான் அளக்க முடியும், அவருடைய உற்பத்தியும் கெடாது. பிடிஎஃப் இணைக்காதீர்கள். இணைத்தால் அதைத் திறந்து பார்ப்பது இரண்டாவது வேலையாகிவிடும்.

சனிக்கிழமை அனுப்ப வேண்டாம். பல பட்டறைகளில் அன்றுதான் வாரக்கூலி பட்டுவாடா. பதில் வராவிட்டால் வேறொரு தேதியைச் சொல்லி, நான்கைந்து நாள் கழித்து இன்னும் ஒரே ஒருமுறை எழுதலாம். அதோடு நிறுத்திவிட வேண்டும். ‘புரோஷர் அனுப்புங்க’ என்று பதில் வந்தால் அது பெரும்பாலும் மரியாதையான மறுப்பு. ‘அடைக்க எவ்வளவு ஆகும்?’ என்று வந்தால் அதுதான் உண்மையான கேள்வி. அதற்கு, அளந்தபின் எந்த முறையில் கூலி கணக்கிடுவீர்கள் என்பதை அன்றே எழுதுங்கள்.

இதே மெயிலை ஐந்நூறு பேருக்கு அனுப்ப முடியாது. கேட்காத சத்தத்தைக் கேட்டேன் என்று எழுதவும் கூடாது. ஒரு வாரத்தில் பத்துப் பட்டறை வாசலில் நின்றால் நாலைந்து மெயிலுக்குத்தான் விஷயம் கிடைக்கும். அந்த நாலைந்தை மட்டும் அனுப்புங்கள். வியாழன் மதியம் உள்ளே போய் அளந்ததில் கசிவு 10 சதவீதத்துக்குள் என்று வந்தால், ‘உங்கள் லைன் நன்றாக இருக்கிறது, என் வேலை தேவையில்லை’ என்று அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.