அலுவலக எழுத்து – 11: ஐம்பத்தேழு விழுக்காடு எங்கிருந்து வந்தது?

மாதச் செலவு அறிக்கையோடு நிதிப் பிரிவுத் தலைவருக்குப் போகும் மின்னஞ்சலில், பட்ஜெட்டைவிடச் செலவு ஏன் கூடியது என்பதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணம்தான் எழுதப்பட்டிருக்கும். அந்தக் காரணம் பொய்யாக இருப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த, யாரும் மறுக்க முடியாத காரணமாகவே இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட காரணம் கையில் கிடைத்ததும் மேலாளர் அதோடு தேடலை நிறுத்திவிடுகிறார். மற்ற காரணங்கள் அதன் நிழலில் மறைந்துபோகின்றன. செலவு காரணமில்லாமல் கூடும் மாதத்தைவிட, நல்ல காரணத்தோடு கூடும் மாதத்தில்தான் இந்த மின்னஞ்சலைக் கவனமாக எழுத வேண்டும் என்பது என் வாதம். மலேசியாவில் லோரி ஓட்டும் நிறுவனங்களுக்கு 2024 ஜூன் அப்படிப்பட்ட ஒரு மாதம்.

அந்த ஆண்டு ஜூன் 9ஆம் தேதி, இரண்டாவது நிதியமைச்சர் அமீர் ஹம்சா அசிசான், தீபகற்ப மலேசியாவில் டீசலுக்கான பொதுவான உதவித்தொகை முடிவுக்கு வருவதாக அறிவித்தார். மறுநாள் 10ஆம் தேதியிலிருந்து பெட்ரோல் நிலையங்களில் லிட்டர் 2 வெள்ளி 15 சென்னாக இருந்த டீசல் 3 வெள்ளி 35 சென் ஆனது. ஒரே இரவில் 1 வெள்ளி 20 சென், அதாவது ஏறக்குறைய 56 விழுக்காடு உயர்வு. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. தீபகற்பத்திலும் தகுதியுள்ள சரக்கு வாகனங்கள் ‘ஃபிளீட் கார்டு’ பெற்றால் 2.15க்கே நிரப்பிக்கொள்ள முடிந்தது. விண்ணப்பித்துக் கார்டு கைக்கு வரும்வரை நிறுவனம் முழு விலையைத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ஜொகூரில் ஆயர் ஈத்தாம் பீங்கான் பொருட்களுக்கும் பூச்சட்டிகளுக்கும் பெயர்பெற்ற சிற்றூர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலையும் அங்கே உண்டு. பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாக மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையும் அந்த ஊரைக் கடந்துதான் போகிறது. சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலுக்கு இயல்பான இடம். அங்கே பன்னிரண்டு லோரிகள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிறுவனமும் அதன் லிட்டர் கணக்கும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. விலையும் தேதிகளும் உண்மையானவை. மாதம் 60,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 3 கிலோமீட்டர், ஆகவே 20,000 லிட்டர். பழைய விலையில் மாத பட்ஜெட் 43,000 வெள்ளி. ஜூன் மாதக் கணக்கில் வந்து நின்ற தொகையோ 67,450 வெள்ளி. கூடுதல் 24,450, பட்ஜெட்டில் இது 57 விழுக்காடு.

போக்குவரத்து மேலாளர் இந்த எண்ணைப் பார்த்ததும் நிம்மதி அடைவார். விலை 56 விழுக்காடு ஏறியது, செலவு 57 விழுக்காடு ஏறியிருக்கிறது, இதில் விளக்க என்ன இருக்கிறது? ‘அரசாங்கம் டீசல் விலையை உயர்த்தியதால் செலவு கூடியது, அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். கூர்மையான நிதித் தலைவருக்கு அந்த இடத்தில்தான் சந்தேகம் எழும். புதிய விலை நடப்பில் இருந்தது மாதத்தின் முப்பது நாளில் இருபத்தொரு நாள்தான். முதல் ஒன்பது நாள் பழைய விலை. விலை மட்டுமே காரணம் என்றால் செலவு 40 விழுக்காட்டுக்குச் சற்று முன்னோ பின்னோ கூடியிருக்க வேண்டும், 57 அல்ல. இரண்டு எண்களும் ஒத்துப்போவது தற்செயல். அந்தத் தற்செயல் ஆறாயிரம் வெள்ளிக்கு மேல் மறைத்துவிடுகிறது.

அந்த ஆறாயிரத்தைக் கண்டுபிடிக்கப் பெட்ரோல் நிலையத்தின் மாத அறிக்கையை வரி வரியாகப் பார்க்க வேண்டும். ஜூனில் பதிவான மொத்த டீசல் 23,000 லிட்டர். இதில் 15,000 லிட்டர் புதிய விலையில் நிரப்பப்பட்டது. லிட்டருக்கு 1.20 வீதம் விலை உயர்வின் பங்கு 18,000 வெள்ளி. இதற்கு மேலாளர் பொறுப்பல்ல. மீதமுள்ள 8,000 லிட்டர் பழைய விலையில் வாங்கியது. ஒன்பது நாளுக்கு இது மிக அதிகம். நாளுக்கு எழுநூறு லிட்டர் என்றாலும் 6,300தான் ஆகும். ரசீதுத் தேதிகளைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. 1,800 லிட்டர் மே மாதக் கடைசி நாட்களில் நிரப்பியது. நிலையம் பில்லைத் தாமதமாக அனுப்பியதால் ஜூன் கணக்கில் ஏறியிருக்கிறது. அதன் மதிப்பு 3,870 வெள்ளி. அந்த 1,800 லிட்டரைக் கழித்தால், ஜூனில் உண்மையாக எரிந்தது 21,200 லிட்டர். பட்ஜெட்டைவிட 1,200 லிட்டர் கூடுதல். பழைய விலையில் 2,580 வெள்ளி. மூன்றையும் கூட்டினால் 24,450, ஒரு வெள்ளி குறையாமல்.

இந்தப் பிரிப்பு சரிதானா என்று சோதிக்க வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அது ஓட்ட மீட்டர். மே மாதம் லோரிகள் 60,000 கிலோமீட்டர் ஓடின, கணக்கில் ஏறியது 18,200 லிட்டர். அப்படியென்றால் லிட்டருக்கு 3.3 கிலோமீட்டர். ஜூனில் 63,600 கிலோமீட்டர், 23,000 லிட்டர்; லிட்டருக்கு 2.8க்கும் சற்றுக் குறைவு. அதே லோரிகள், அதே ஓட்டுநர்கள், அதே சாலைகள் என்றிருக்க, ஒரு மாதத்தில் இவ்வளவு மாறாது. அந்த 1,800 லிட்டரை மே மாதத்துக்குத் திருப்பிவிட்டால் இரண்டு மாதத்திலும் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் வருகிறது. கூடுதலாக ஓடிய 3,600 கிலோமீட்டருக்கும் பயணச் சீட்டுகள் இருக்க வேண்டும். ஆயர் ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு சுமார் 90 கிலோமீட்டர், போய்வர 180. இருபது நடைக்குச் சீட்டு இருந்தால் அந்த 1,200 லிட்டர் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, அதற்கான வருமானமும் விற்பனைக் கணக்கில் இருக்கும். சீட்டு இல்லாவிட்டாலோ, ஓட்டம் கூடாமல் லிட்டர் மட்டும் கூடியிருந்தாலோ, டீசல் தொட்டியிலிருந்து வேறெங்கோ போகிறது. விலை உயர்ந்த மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. திருட்டு நடந்தால் அதற்கு மிக வசதியான மாதமும் அதுதான்.

மே மாத அறிக்கையையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். அந்த மாதம் டீசல் செலவு பட்ஜெட்டைவிட 3,870 வெள்ளி குறைவாகக் காட்டப்பட்டது. யாரும் விளக்கம் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவுமில்லை. குறைந்த செலவுக்குக் காரணம் கேட்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் மிக அரிது. ஜூனில் கூடியதாகத் தெரியும் தொகையில் ஒரு பகுதி, மேயில் கேட்கப்படாத கேள்வியின் மறுபாதி.

இப்படிப் பிரித்து எழுதுவதை எதிர்ப்பவர்கள் உண்டு. விவரமெல்லாம் இணைத்த எக்செல் தாளில் இருக்கிறதே, மின்னஞ்சலில் மறுபடி எதற்கு என்பார்கள். அந்தத் தாளில் ‘டீசல்’ என்ற தலைப்பில் ஒரே ஒரு தொகைதான் இருக்கும். 1,800 லிட்டர் மே மாதத்துடையது என்பதையும், இருபது நடை கூடுதலாக ஓடியது என்பதையும், கார்டு விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அந்தத் தாள் சொல்லாது. இவை மூன்றும் தெரிந்தவர் மேலாளர் ஒருவர்தான்.

இன்னொரு எதிர்ப்பு கணக்கியல் தெரிந்தவர்களிடமிருந்து வரும். கூடுதலாக எரிந்த 1,200 லிட்டரில் ஒரு பகுதி புதிய விலையில் வாங்கியதுதானே, அதைப் பழைய விலையில் மதிப்பிடுவது மேலாளரின் பங்கைக் குறைத்துக் காட்டாதா என்பார்கள். நியாயமான கேள்வி. விலையும் அளவும் சேர்ந்து உயரும்போது இரண்டும் கலந்த ஒரு சிறு பகுதி எப்போதும் இருக்கும். அதை விலையின் கணக்கில் சேர்ப்பது வழக்கம். 1,200 லிட்டர் முழுவதையும் புதிய விலையில் வாங்கியதாக வைத்துக்கொண்டாலும் இடம் மாறும் தொகை 1,440 வெள்ளிதான். அளவு வேறுபாட்டைப் பட்ஜெட் விலையில் மதிப்பிட்டோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

மூன்றாவது எதிர்ப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அதுதான் வலுவானது. மே மாதத் தவறை நானே ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? விலை உயர்வு எல்லாவற்றையும் மூடிவிடுகிறதே. இதற்கு நேர்மையை மட்டும் பதிலாகச் சொல்லமாட்டேன், கணக்கையே பதிலாகச் சொல்வேன். ஜூலையில் கார்டு வராவிட்டால், புதிய விலை மாதம் முழுவதும் இருக்கும். வழக்கமான 20,000 லிட்டருக்கே செலவு 67,000 வெள்ளி, கூடுதல் 24,000. ஜூன் மாதக் கூடுதலும் ஏறத்தாழ இவ்வளவுதான். ஜூனில் எல்லாவற்றையும் விலை மேல் போட்ட மேலாளர், ஜூலையில் இருபத்தொரு நாள் முப்பத்தொரு நாள் ஆகியும் கூடுதல் ஏன் ஏறவில்லை என்ற கேள்வியைச் சந்திப்பார். அப்போது பதில் சொல்ல மே மாதப் பில்லைத்தான் எடுத்தாக வேண்டும், ஒரு மாதம் தாமதமாக. முடிந்த மே மாதக் கணக்கைத் திறந்து திருத்த வேண்டிய தொகை அல்ல அது. ஜூனிலேயே வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் பில் வராத டீசலுக்கு இனி ஓட்ட மீட்டரை வைத்துத் தொகை ஒதுக்குவோம் என்று எழுதினால் விஷயம் முடிந்துவிடும்.

ஆயர் ஈத்தாமில் இந்த மின்னஞ்சல் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் போகும். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

“ஐயா, ஜூன் மாத டீசல் செலவு 67,450 வெள்ளி, பட்ஜெட்டைவிட 24,450 வெள்ளி அதிகம். ஃபிளீட் கார்டு வரும்வரை இந்த அளவுக் கூடுதல் தொடரும், ஜூலை முழுவதும் வராவிட்டால் 24,000 வெள்ளியாவது கூடும். ஜூன் கூடுதலில் 18,000 வெள்ளி 10ஆம் தேதி உயர்ந்த விலையால் வந்தது. 3,870 வெள்ளி மே மாத டீசலுக்கானது. பில் தாமதமாக வந்ததால் மே அறிக்கையில் விடுபட்டுவிட்டது. 2,580 வெள்ளி ஜொகூர் பாருவுக்குக் கூடுதலாக ஓடிய 20 நடைகளுக்கானது. பயணச் சீட்டுகளை இணைத்துள்ளேன். அளவு வேறுபாட்டைப் பட்ஜெட் விலையில் மதிப்பிட்டிருக்கிறோம். இரண்டு லோரிகளின் பதிவு ஆவணத்தில் நிறுவனப் பெயர் பழையபடியே இருப்பதால் கார்டு விண்ணப்பம் நிற்கிறது. ஆவணத்தைப் புதுப்பிக்க உங்கள் கையொப்பம் இந்த வாரத்துக்குள் தேவை.”

நிதித் தலைவர் முதலில் தேடுவது, அடுத்த மாதமும் இது வருமா என்பதை. அதனால் அது இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அவரால் செய்யக்கூடிய ஒன்றே ஒன்று கையொப்பம்; அது கடைசி வரியில் இருக்கிறது. நாளுக்குச் சுமார் 667 லிட்டர் நிரப்பும் நிறுவனத்துக்கு, அந்தக் கார்டு தாமதமாகும் ஒவ்வொரு நாளும் 800 வெள்ளி.