நாடித்துடிப்பையும் மூச்சையும் கேட்டுத் தரவேண்டிய மாத்திரை

ப்ரோப்ரனலால் என்பது இதயத்துக்காக உருவான மருந்து. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் 1960களின் தொடக்கத்தில் அதை உருவாக்கினார். நெஞ்சுவலி நோயாளிகளின் இதயத்தை அட்ரினலினின் விரட்டலிலிருந்து காப்பதே அவர் நோக்கம். அந்தப் பணிக்கும் சேர்த்து 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒற்றைத் தலைவலிக்கு அது உதவும் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. நெஞ்சுவலிக்காக இம்மருந்தைச் சாப்பிட்ட ஒருவருக்கு நெடுநாள் ஒற்றைத் தலைவலியும் நின்றுபோனதை 1966இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. இன்று ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கும் மருந்துகளில் முதல் வரிசையில் இருப்பது இதுதான். விலையும் குறைவு.

உடலில் அட்ரினலினும் அதன் உறவான நார்அட்ரினலினும் வந்து அமரும் இடங்களில் பீட்டா ஏற்பிகள் ஒரு வகை. அவற்றை அடைத்துவைப்பதால்தான் இம்மருந்துகளுக்கு பீட்டா பிளாக்கர் என்று பெயர். இதயத்தில் அடைத்தால் துடிப்பு மெதுவாகும். மூளையில் நடப்பதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளை ஒளி, ஓசை, பட்டினி, தூக்கக் குறைவு என எதற்கும் சட்டென்று கிளர்ந்தெழும் இயல்புடையது. பல வாரங்கள் தொடர்ந்து சாப்பிடும்போது ப்ரோப்ரனலால் அந்தக் கிளர்ச்சியைத் தணிக்கிறது. பல வாரங்கள் என்பதுதான் இங்கே முக்கியம். தலைவலி வந்தபின் போடும் மாத்திரை அல்ல இது. வலிக்கும் நாளில் மட்டும் விழுங்கிவிட்டு ‘கேட்கவில்லை’ என்று கைவிடுபவர்கள் பலர்.

எல்லா பீட்டா பிளாக்கரும் இதற்கு உதவுவதில்லை. ப்ரோப்ரனலால், மெட்டோப்ரலால், டிமலால் ஆகிய மூன்றுக்கும் சான்று வலுவாக இருக்கிறது. அட்டெனலாலும் நாடலாலும் அடுத்த நிலையில் நிற்கின்றன. ஏற்பியை அடைக்கும்போதே கொஞ்சம் தூண்டியும் விடுகிற பிண்டலால் போன்றவை ஒற்றைத் தலைவலியில் பயன் தருவதில்லை.

மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ தலைவலி வருகிறவருக்கும், குறைவாக வந்தாலும் ஒவ்வொரு முறையும் படுத்த படுக்கையாகிவிடுகிறவருக்கும் தடுப்பு மருந்து யோசிக்கத் தக்கது. அவர்களுள் ரத்த அழுத்தம் கூடியவர், படபடப்பு மிகுந்தவர், கை நடுக்கம் உள்ளவர் ஆகியோருக்குப் ப்ரோப்ரனலால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இயல்பிலேயே ரத்த அழுத்தம் குறைந்தவருக்கும், ஓட்டப் பயிற்சி செய்பவருக்கும் அது அவ்வளவாகப் பொருந்தாது. மருந்து சாப்பிடும்போது இதயம் தேவைக்கேற்ப வேகமெடுக்காது. ஓடும்போது கால் கனப்பதுபோல் இருக்கும்.

மருந்து எப்படி நடத்தப்படுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். முப்பத்தாறு வயது ஆசிரியை ஒருவருக்கு மாதம் ஒன்பது நாள் தலைவலி என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் 140/90, நாடி நிமிடத்துக்கு 84. இளைப்பு எந்த வயதிலும் இருந்ததில்லை. காலை, இரவு 20 மில்லிகிராம் என்று தொடங்கி, இரண்டு வாரத்தில் ஒரு நாளுக்கு மொத்தம் 80 ஆக்குகிறார் மருத்துவர். தலைவலி வந்த நாள்களை காலண்டரில் குறிக்கச் சொல்கிறார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்பது ஆறாகியிருக்கிறது. 120க்கு உயர்த்தியதும் நான்காகிறது. இன்னும் குறையட்டும் என்று 160 ஆக்கினால் நாடி 52க்கு இறங்கி, மாடிப்படி ஏறும்போது தலை சுற்றுகிறது. மறுபடி 120. தலைவலி நாள்கள் பாதியாகக் குறைந்தாலே மருந்து வென்றதாகக் கணக்கு. முழுதும் மறையும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். தலைவலி அடங்கியே இருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மருந்தைப் படிப்படியாக இறக்கிப் பார்ப்பது வழக்கம்.

இதே ஆசிரியைக்குச் சிறு வயதில் இளைப்பு இருந்திருந்தால் கதையே வேறு. மூச்சுக்குழாய்களை விரித்துவைப்பதும் ஒரு வகை பீட்டா ஏற்பிதான். ப்ரோப்ரனலால் இதயம், நுரையீரல் என்று பார்க்காமல் இரண்டிலும் அடைக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரே மாத்திரையில்கூட மூச்சுக்குழாய் இறுகிவிடலாம். அப்போது கைகொடுக்கும் சால்புட்டமால் இன்ஹேலரும் அதே ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது. பூட்டு ஏற்கெனவே அடைபட்டிருப்பதால் அந்தச் சாவியும் சரியாகத் திருகாது. ஆபத்து இரட்டிப்பாவது இதனால்தான். பல ஆண்டுகளாக வீசிங் வராமல் இருப்பவர், மழைக்காலத்தில் மட்டும் இளைப்பு வருகிறவர் எல்லாரும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். மெட்டோப்ரலாலும் அட்டெனலாலும் இதயத்தையே அதிகம் நாடும் என்பது உண்மை. ஆனால் அளவு கூடக்கூட அந்தப் பாகுபாடு தேய்ந்துவிடும். தலைவலிக்கு டோபிரமேட், அமிட்ரிப்டிலின் என்று வேறு மருந்துகள் இருக்கும்போது ஆஸ்துமாக்காரருக்கு இந்தப் பந்தயம் தேவையில்லை.

நம்மூர் மருந்துக்கடைகளில் இன்னொரு சிக்கல். ப்ரோப்ரனலாலும் ஃப்ளூனரிசினும் சேர்ந்த ஒற்றை மாத்திரைகள் இங்கே தாராளமாகப் புழங்குகின்றன. தலைவலி மாத்திரை என்று மட்டும் தெரிந்து வாங்குபவருக்கு உள்ளே பீட்டா பிளாக்கர் இருப்பது தெரியாது. அட்டையின் பின்புறம் உள்ள சிறிய எழுத்தைப் படித்தால்தான் தெரியும். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமலால் சொட்டுமருந்தும் இதே குடும்பம். கண்ணில் விட்ட சொட்டிலும் இளைப்பு வரலாம்.

நாடி பார்ப்பது எளிது. ஐந்து நிமிடம் உட்கார்ந்த பின், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும். மருந்து தொடங்குமுன்பே 60க்குக் கீழ் இருந்தால் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. விளையாட்டு வீரருக்கு 55 இயல்பாக இருக்கலாம். இதயத்தின் மின்பாதையில் தடை உள்ளவருக்கும் அதே 55 இருக்கலாம். பின்னவருக்கு இம்மருந்து கூடாது. மருந்து சாப்பிடும்போது நாடி 50க்குக் கீழ் போனாலோ, கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும். வெரபமில், டில்டியாசெம் என்ற இதய மருந்துகளோடு சேர்ந்தால் துடிப்பு அபாயகரமாக இறங்கலாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பையும் நடுக்கத்தையும் ப்ரோப்ரனலால் மறைத்துவிடும். வியர்வை மட்டுமே மிஞ்சும். தலைவலி வந்ததும் போடும் ரிசாட்ரிப்டானின் அளவு ரத்தத்தில் இம்மருந்தால் கூடும் என்பதால், ஒரு வேளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அதைத் தருவதில்லை. கை கால் சில்லிடல், அயர்ச்சி, தெளிவான கனவுகள் ஆகியவை பரவலான தொந்தரவுகள். கருவுறத் திட்டமிடுபவர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அளவுக்கு மீறி விழுங்கினால் ப்ரோப்ரனலால் மற்ற பீட்டா பிளாக்கர்களைவிட வேகமாக உயிரைப் பறிக்கும்; வலிப்பும் வரும். ஆகவே மாத்திரைகளை வீட்டில் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். சாப்பிட்டுவந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு. அடைபட்டிருந்த ஏற்பிகள் ஒரேயடியாகத் திறந்து இதயம் படபடக்கும். இதய நோய் இருப்பவருக்கு மாரடைப்பே வரலாம். ஓரிரு வாரமாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.